தலையணைக்கடியில் சார்ஜ் ஏறும் போன்

மாணவர்களே, இரவு பத்து மணிக்குப் போனைச் சார்ஜரில் செருகித் தலையணைக்கடியில் வைத்துவிட்டுத் தூங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவுக்குள் 100 சதவீதம் ஏறிவிடும். சார்ஜ் நிறைந்ததும் போன் தானே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் 'ஓவர் சார்ஜ்' ஆகிவிடும் என்ற பயம் வேண்டாம். கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது.

லித்தியம் அயான் பேட்டரி முழுதாக நிறைந்திருக்கும்போது அதன் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். அந்த நிலையில் உள்ளேயிருக்கும் ரசாயனங்கள் மெல்லச் சிதைகின்றன. சூடு சேர்ந்தால் சிதைவு வேகமாகும். பஞ்சுத் தலையணை சூட்டை வெளியே விடாது. விடியும்வரை பேட்டரி இந்த இரண்டையும் சேர்த்தே தாங்குகிறது. தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

ஆகவே மாலையில், மேசைமேல், கண்ணெதிரே சார்ஜ் போடுங்கள். 80 வந்ததும் எடுத்துவிடலாம். பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் பேட்டரி பகுதியிலேயே இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது கேம் ஆடாதீர்கள். சூடு இன்னும் கூடும். 20 சதவீதத்துக்குக் கீழே போகும்முன் மறுபடி செருகினால் நல்லது. நீண்ட பயணத்துக்கு முன் 100 ஏற்றுவதில் தவறில்லை.

போனின் பின்மூடி புடைத்தாலோ, திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். உடனே அணைத்துவிட்டு, பெரியவர்களிடம் சொல்லி சர்வீஸ் சென்டருக்குக் கொடுத்தனுப்புங்கள்.