'ஐ ஹேவ் மீட்டிங்': அந்த 'எ' எங்கே போச்சு?

கல்லிடைக்குறிச்சியில "அப்பளம் வாங்கினேன்"னு சொன்னா, அது ஒண்ணா நூறா என்று தெரியாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். தமிழில் அஃறிணைப் பெயர் எண் காட்டாமல் தனியாக நிற்கும். அந்தப் பழக்கத்தில்தான் 'ஐ ஹேவ் மீட்டிங்' என்று எழுதுகிறோம்.

ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பெயர் ஒருமையில் பொதுவாகத் தனியாக நிற்காது. முன்னால் 'டூ' போட்டுப் பாருங்கள். 'டூ மீட்டிங்ஸ்' சரியா வருதா? அப்படின்னா ஒருமைக்கு 'எ', 'தி', 'மை' என ஏதாவது ஒன்று வேண்டும். எது என்று படிப்பவருக்குத் தெரியாவிட்டால் 'எ', தெரிந்தால் 'தி': 'வீ ஃபேஸ்ட் எ ப்ராப்ளம். தி ப்ராப்ளம் இஸ் ஃபிக்ஸ்ட் நவ்.'

ஒரு சிக்கல்: ஆபீஸ் தமிழில் "ரெண்டு இன்ஃபர்மேஷன்" என்போம். ஆங்கிலத்தில் அதை எண்ண முடியாது. 'அட்வைஸ்' என்பதும் அப்படியே. இவற்றுக்கு 'எ' சேராது.