மாதக் கடைசியில் ஒரு ரேங்க் பட்டியல்

மாதத்தின் கடைசி வர்த்தக நாள். நிஃப்டி 50 பங்குகளின் அன்றைய விலையும் 12 மாதத்துக்கு முந்தைய விலையும் எக்செல்லில் அருகருகே இருக்கின்றன. 200 ரூபாயாக இருந்த பங்கு 260 ஆகியிருந்தால் ஏற்றம் 30 சதவீதம். இப்படி ஐம்பதையும் வரிசைப்படுத்தி முதல் ஐந்தை வாங்குவதுதான் முறை. கம்பெனி என்ன தயாரிக்கிறது என்றுகூடப் பார்ப்பதில்லை!

கணக்கு எளிது, சறுக்கும் இடம் வேறு. அந்தப் பங்கு நடுவில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்திருந்தால் இன்றைய விலை 130 என்றுதான் தெரியும். பழைய 200-ஐ 100 ஆகத் திருத்தாவிட்டால், 30 சதவீதம் ஏறிய பங்கு 35 சதவீதம் விழுந்ததாகக் காட்டி அடிமட்டத்துக்குப் போய்விடும். பட்டியலின் கடைசிப் பெயர்களை ஒருமுறை சரிபார்த்தால் பிடிபடும்.

ஐந்தாம் இடத்துப் பங்கு ஆறாம் இடத்துக்கு இறங்கியதுமே விற்பது வீண் செலவு. தரகு உண்டு, ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீத வரியும் உண்டு. அதனால் பத்தாம் இடத்தைத் தாண்டினால் மட்டும் கழற்றிவிடுவோரும் இருக்கிறார்கள்.

ஏறிய பங்கு சில மாதங்களுக்கு மேலும் ஏறும் போக்கை 1993-இல் அமெரிக்கச் சந்தையில் ஆராய்ந்து காட்டியவர்கள் ஜெகதீஷ், டிட்மன். ஆனால் 2009 மார்ச்சில் அங்கே சந்தை திரும்பியபோது, அதுவரை அடிவாங்கிய பங்குகளே முன்னால் பாய்ந்தன. பட்டியலின் தலையில் இருந்தவை பின்தங்கின.