ஐ விழுந்த இடம்

அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத்தில் 'டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்' பாடம் நடக்கிறது என்று நோட்டைக் கொண்டுவந்தாள். புவியியல் பாடத்தில் படித்த இரண்டு சிகரங்களைக் கொடுத்து, "இதைத் தமிழில் ஒப்பிட்டுச் சொல்லு, பிறகு ஆங்கிலத்தில் எழுது" என்றேன். ஆனைமுடியின் உயரம் 2695 மீட்டர். தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர். "தொட்டபெட்டாவை விட ஆனைமுடி உயரம், சித்தி" என்று தயங்காமல் சொன்னாள். பிறகு நோட்டில் எழுதியது இது: 'தொட்டபெட்டா இஸ் ஹையர் தேன் ஆனைமுடி.'

இலக்கணப்படி அந்த ஆங்கில வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. 'ஹை' என்பதை 'ஹையர்' என்று மாற்றியிருக்கிறாள், ஒப்பிடும்போது வரவேண்டிய 'தேன்' என்ற சிறுசொல்லும் அதன் இடத்தில் இருக்கிறது. ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது. தொட்டபெட்டாதான் உயரம் என்று வாக்கியம் சொல்கிறது. அவளுக்கு உண்மை தெரியும், விதியும் தெரியும். அப்படியானால் எங்கே சறுக்கியது?

தமிழில் ஒப்பிடும்போது எந்தச் சொல் மாறுகிறது என்று கவனித்தால் விடை கிடைக்கும். 'உயரம்' மாறுவதே இல்லை. மாறுவது தொட்டபெட்டா, அது 'தொட்டபெட்டாவை' ஆகிறது. யாரோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயரின் மேல் ஐ என்ற இரண்டாம் வேற்றுமை உருபு ஏறி, பக்கத்தில் 'விட' வந்து நிற்கிறது. அந்த 'விட', விடு என்ற வினையிலிருந்து வந்தது. தொட்டபெட்டாவை விட்டு மேலே போகிறது ஆனைமுடி. 'பார்க்கிலும்' என்று சொன்னாலும் இதே கதைதான்: தொட்டபெட்டாவைப் பார்த்தாலும் ஆனைமுடிதான் உயரம். பழந்தமிழில் இந்த வேலையை 'இன்' என்ற ஐந்தாம் வேற்றுமை உருபு செய்தது. தொல்காப்பியம் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருளே ஒப்பிடுவதுதான். 'உயிரினும் மேலானது' என்று இன்றும் சொல்லும்போது அந்தப் பழைய உருபைத்தான் பயன்படுத்துகிறோம். அன்றும் இன்றும் அடையாளம் விழுவது பெயரின் மேல்தான்.

அடையாளம் பெயரிலேயே ஒட்டியிருப்பதால், எந்தப் பெயரை முதலில் சொன்னாலும் தமிழில் பொருள் மாறாது. 'தொட்டபெட்டாவை விட ஆனைமுடி உயரம்', 'ஆனைமுடி தொட்டபெட்டாவை விட உயரம்' இரண்டும் ஒன்றே. ஆங்கிலத்தில் இரண்டு சிகரங்களின் பெயரும் அப்படியே நிற்கும்; உருபு ஏதும் ஏறாது. எது உயரம் என்பதை அங்கே வரிசைதான் சொல்ல வேண்டும். முதலில் வருவது மிஞ்சியது, 'தேன்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது மிஞ்சப்பட்டது. தமிழில் முதலில் வாயில் வந்த தொட்டபெட்டாவை அப்படியே ஆங்கிலத்திலும் முதலில் வைத்ததுதான் அக்கா மகள் சறுக்கிய இடம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. தமிழ் வாக்கியத்தை எழுதி, ஐ விழுந்த பெயரின் கீழ் கோடு போட வேண்டும். கோடு போட்ட பெயர் ஆங்கிலத்தில் 'தேன்' என்ற சொல்லுக்குப் பின்னால் போகும். கோடு இல்லாதது முதலில் நிற்கும்.

அடுத்த பிழையும் இதே வேரிலிருந்து முளைக்கிறது. தமிழில் 'உயரம்' மாறாததால், 'ஆனைமுடி இஸ் ஹை தேன் தொட்டபெட்டா' என்று ஒட்டை விட்டுவிட்டு எழுதுகிற பிள்ளைகள் நிறைய. அந்த 'அர்' ஒட்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்ட, இரண்டுக்கும் இடையிலுள்ள 58 மீட்டரையும் சேர்த்து எழுதச் சொன்னேன். 'ஆனைமுடி தொட்டபெட்டாவை விட 58 மீட்டர் உயரம்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். 58 என்பது வித்தியாசம்தான் என்று 'விட' காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் '58 மீட்டர்ஸ் ஹையர்' என்றால்தான் வித்தியாசம். '58 மீட்டர்ஸ் ஹை' என்றால் ஆனைமுடியின் மொத்த உயரமே 58 மீட்டர் என்று ஆகிவிடும்.

ஒட்டு வேண்டும் என்று தெரிந்த பிறகு, சிலர் மறுபக்கம் சாய்ந்து 'மோர் ஹையர்' என்று எழுதுவார்கள். 'அதிக உயரம்' என்று தமிழில் நினைத்து, 'அதிக' என்பதற்கு 'மோர்', 'உயரம்' என்பதற்கு 'ஹையர்' என்று போடுவதால் வருவது இது. ஆங்கிலத்துக்கு ஓர் அடையாளமே போதும். 'ஹை', 'பிக்' மாதிரி ஒரே அசையில் முடியும் சின்னச் சொல் என்றால் ஒட்டு. 'பியூட்டிஃபுல்', 'டிஃபிகல்ட்' மாதிரி நீண்ட சொல் என்றால் முன்னால் 'மோர்'. ஆங்கிலேயர்களே ஒருகாலத்தில் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்திலும் அப்படி ஓர் இடம் உண்டு. 1762-இல் ராபர்ட் லவ்த் எழுதிய ஆங்கில இலக்கண நூல் இந்த இரட்டை வழக்கு தவறு என்று எழுதியது. இன்றைக்குத் தேர்வுத்தாளில் அது பிழைதான்.

இனி, எல்லாவற்றையும் மிஞ்சியதைச் சொல்வது. இதற்கென்று தனி வடிவம் தமிழில் இல்லை. எந்த எல்லைக்குள் பேசுகிறோம் என்று சொல்லி, அதன்மேல் ஓர் ஏகாரம் வைத்தால் போதும்: 'தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் ஆனைமுடி.' ஆங்கிலத்தில் அந்த ஏகாரத்தின் வேலையை 'எஸ்ட்' ஒட்டும் அதன் முன்னால் வரும் 'தி' என்ற சொல்லும் செய்கின்றன: 'ஆனைமுடி இஸ் தி ஹையஸ்ட் பீக் இன் சவுத் இந்தியா.' 'தி' நமக்குப் பழக்கமில்லாத சொல் என்பதால் எளிதில் விட்டுப்போகும். ஏகாரம் போட்ட இடமெல்லாம் 'தி' வேண்டும் என்று நினைவில் வைத்தால் விட்டுப்போகாது. எல்லையைச் சொல்வதும் முக்கியம். தமிழ்நாட்டிலேயே என்று சுருக்கினால், அதே வாக்கியம் தொட்டபெட்டாவுக்குப் போய்விடும். ஆனைமுடி கேரளத்தில் இருக்கிறது.

இதையே 'எல்லாச் சிகரங்களையும் விட ஆனைமுடி உயரம்' என்றும் தமிழில் சொல்கிறோம். கேட்பவர் ஆனைமுடியைத் தள்ளிவிட்டு மற்றவற்றை எண்ணிக்கொள்வார். எழுத்து ஆங்கிலம் அதைக் கேட்பவரிடம் விடாது. ஆனைமுடியும் ஒரு சிகரம், அது தன்னைவிடத் தானே உயரமாக இருக்க முடியாது என்பதால் 'எனி அதர் பீக்' என்று அந்த 'அதர்' சொல்லையும் கேட்கும்.

கடைசியாக, தமிழே நம்மைக் கைபிடித்து நடத்தும் ஓர் இடம். 'அவர் என்னை விட சீனியர்' என்பதைவிட 'அவர் எனக்கு சீனியர்' என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். 'எனக்கு மூத்தவர்', 'எனக்கு இளையவன்' என்று கு உருபோடு சொல்லிப் பழகிய நாக்கு அது. ஆங்கிலத்திலும் இங்கே 'தேன்' வராது. 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. இவற்றுக்குப் பின்னால் 'டு' வரும். கு வந்தால் 'டு', ஐ வந்தால் 'தேன்'. ஒப்பீடு என்றாலே 'தேன்' என்று மனப்பாடம் செய்தவர்கள்தான் 'சீனியர் தேன் மீ' என்று எழுதுகிறார்கள்.

நோட்டைத் திரும்பக் கொடுத்தேன். 'தொட்டபெட்டாவை' என்று எழுதி, அதன் கீழ் பென்சிலால் கோடு போட்டாள். பிறகு ஆங்கில வரியை 'ஆனைமுடி' என்று தொடங்கினாள்.