உச்சத்துக்குள் ஒளிந்திருந்த மந்தம்

1958 ஆகஸ்ட் மாதத்தில் பன்னாட்டு விமானங்களில் பறந்தவர்கள் 5,05,000 பேர். அதுவரை எந்த மாதமும் ஐந்து லட்சத்தைத் தொட்டதில்லை. முந்தைய ஆகஸ்ட்டில் 4,67,000 பேர்தான் பறந்திருந்தார்கள். டிக்கெட் விற்ற நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் அது கொண்டாட வேண்டிய மாதம். ஆனால் அடுத்த மாதமே 4,04,000. ஒரே மாதத்தில் ஒரு லட்சம் பேர் காணாமல் போனார்கள். நவம்பரில் 3,10,000. தொழில் ஓங்கியதா, படுத்துவிட்டதா?

இந்தக் கேள்விக்கு விடை இருக்கும் அட்டவணை புள்ளியியல் மாணவர்களுக்கு நன்கு பழக்கமானது. 1949 ஜனவரி முதல் 1960 டிசம்பர் வரை 144 மாதங்களின் பயணிகள் எண்ணிக்கை அதில் இருக்கிறது. ஜார்ஜ் பாக்ஸ், க்விலிம் ஜென்கின்ஸ் இருவரும் 1970இல் எழுதிய நூல் வழியாக அது உலகெங்கும் பரவியது. R என்ற இலவச மென்பொருளில் `AirPassengers` என்று தட்டினால் இன்றும் வந்து நிற்கும். துணி, உரம், ஐஸ்கிரீம் என்று மாதவாரியாக விற்கும் எதற்கும் இதே உருவம்தான்: வருடாவருடம் ஒரு ஏற்றம், அதன்மேல் மாதாமாதம் ஓர் அலை. இரண்டும் சேர்ந்தே கணக்கில் ஏறுவதால், எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிட்டால் போதாதா என்று தோன்றும். வியாபாரிகள் வழக்கமாகச் செய்வதும் அதுதான். அப்படிப் பார்த்தால் 1958 ஆகஸ்ட்டில் 8 சதவீத வளர்ச்சி. செப்டம்பரிலோ போன வருடமும் 4,04,000, இந்த வருடமும் 4,04,000, வளர்ச்சி பூஜ்யம். ஏப்ரலிலும் அதே கதை: இரண்டு வருடமும் 3,48,000. எந்த மாதத்தை நம்புவது? தனி மாதத்தில் தற்செயலான ஏற்ற இறக்கமும் கலந்திருக்கிறது. அதோடு, ஒப்பிடும் பழைய மாதமும் ஏதோ காரணத்தால் கூடியோ குறைந்தோ இருந்திருக்கலாம்.

இதற்கு மாற்றாக வருவதுதான் நகரும் சராசரி. பன்னிரண்டு மாதங்களைக் கூட்டி வகுத்தால், அதற்குள் ஒரு ஜூலையும் ஒரு நவம்பரும் கட்டாயம் இருக்கும். விடுமுறைக் கூட்டமும் மழைக்கால மந்தமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். பிறகு பழைய மாதம் ஒன்றை விட்டுவிட்டு, புதிய மாதம் ஒன்றைச் சேர்த்து மறுபடி சராசரி எடுக்கிறார்கள். விடுவது ஜனவரி என்றால் சேர்வதும் ஜனவரிதான். ஆகவே பருவத்தின் அலை உள்ளே வரவே வராது. ஐந்து மாதம், ஏழு மாதம் என்று சராசரி எடுத்தால் இந்த ஈடுகட்டல் நடக்காது. அலை கொஞ்சம் தணியும், ஆனால் மறையாது.

ஒரு சிறு சிக்கல் உண்டு. 1949 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரி 126.67 (எண்கள் இனி ஆயிரத்தில்). இது எந்த மாதத்துக்கு உரியது? பன்னிரண்டின் நடு, ஜூனுக்கும் ஜூலைக்கும் இடையே விழுகிறது. அடுத்த சராசரி, அதாவது பிப்ரவரி முதல் மறு ஜனவரி வரை, 126.92, அதன் நடு ஜூலைக்கும் ஆகஸ்ட்டுக்கும் இடையே. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 126.79. இது ஜூலையின் மேல் சரியாக உட்காரும். இதை மையப்படுத்திய நகரும் சராசரி என்கிறார்கள். கணினி விரிதாளில் மாத விற்பனை B2இல் ஜனவரியாகத் தொடங்கினால், ஜூலை வரிசையில் இந்த ஒரு வரி போதும்:

```
=(B2/2+SUM(B3:B13)+B14/2)/12
```

இரு முனையிலும் உள்ள ஜனவரிகள் பாதிப் பாதி, நடுவில் உள்ள பதினொன்றும் முழுசு. இதைக் கீழே இழுத்துக்கொண்டே போனால் போக்கு கிடைத்துவிடும்.

இப்போது 1958க்கு வருவோம். 1956 ஜூலையில் போக்கு 329.5, 1957 ஜூலையில் 369.5. பன்னிரண்டு சதவீத ஏற்றம். 1958 ஜூலையில் அது 381.8 மட்டுமே, ஏற்றம் மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. 1957 செப்டம்பர் முதல் நவம்பர் வரை போக்கு 372ஐ விட்டு நகரவே இல்லை. அமெரிக்கப் பொருளாதாரம் 1957 ஆகஸ்ட்டிலிருந்து 1958 ஏப்ரல் வரை மந்தத்தில் இருந்தது என்பது பதிவான வரலாறு. அதே மாதங்களில்தான் இந்தக் கோடும் தட்டையாகிறது. மந்தம் விட்ட பிறகு, 1959 ஜூலையில் 430.7, மீண்டும் பதின்மூன்று சதவீதம். ஆக, அந்த சாதனை ஆகஸ்ட் வந்தது, பன்னிரண்டு வருடங்களில் வளர்ச்சி மிகவும் இளைத்துப்போன வருடத்தில்தான்.

போக்கு தெரிந்துவிட்டால் பருவத்தைப் பிரிப்பது எளிது. கழிப்பதா, வகுப்பதா என்பதை மட்டும் முதலில் தீர்மானிக்க வேண்டும். 1949இல் உச்சமான ஜூலைக்கும் அடிமட்டமான நவம்பருக்கும் இடைவெளி 44. 1960இல் அதே இரண்டு மாதங்களின் இடைவெளி 232. தொழில் பெருக்கப் பெருக்க அலையும் பெருக்கிறது என்றால் வகுக்க வேண்டும். விற்பனை எவ்வளவு ஏறினாலும் அலை ஒரே உயரத்தில் நின்றால் கழித்தால் போதும். இங்கே வகுத்தல்தான்.

1949 ஜூலையில் பயணிகள் 148, போக்கு 126.79. வகுத்து நூறால் பெருக்கினால் 116.7. அதாவது அந்த ஜூலை, தன் காலத்தின் சராசரி மாதத்தைவிட சுமார் 17 சதவீதம் கூடுதல். 1960 ஜூலைக்கு மட்டும் போக்கு கிடைக்காது. அதற்கான காரணம் பின்னால் வரும். மிச்சமுள்ள பதினொரு ஜூலைகளுக்கும் இதே கணக்கைப் போட்டுச் சராசரி எடுத்தால் 122.4. பன்னிரண்டு மாதங்களின் எண்களும் சேர்ந்து 1200 வர வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சற்றே திருத்துகிறார்கள், ஜூலை 122.7 ஆகிறது. இதுதான் பருவக் குறியீட்டெண். ஆகஸ்ட்டுக்கு 122, மார்ச்சுக்கு 100.7, நவம்பருக்கு 80.1, டிசம்பருக்கு 89.9.

இந்த எண்கள் கையில் இருந்தால் மாதக் கணக்கை வேறு விதமாகப் படிக்கலாம். 1958 நவம்பரில் 310 பேர், டிசம்பரில் 337. ஒன்பது சதவீத ஏற்றம் என்று மேலாளர் மகிழ்ந்திருப்பார். ஆனால் டிசம்பர் எப்போதுமே நவம்பரைவிட உயர்ந்த மாதம். 310ஐ 0.801ஆல் வகுத்தால் 387, 337ஐ 0.899ஆல் வகுத்தால் 375. பருவத்தை நீக்கிப் பார்த்தால் அது மூன்று சதவீத இறக்கம்.

முறை இவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதை நம்பும் முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: சராசரிக்குள் போன தனித்தனி எண்கள். ஜூலையின் பதினொரு விகிதங்களை வரிசையாக வைத்தால், 1949 முதல் 1953 வரை எல்லாமே 116க்கும் 121க்கும் இடையே. 1954 முதல் 1959 வரை எல்லாமே 125க்கும் 129க்கும் இடையே. 122.7 என்பது இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத ஓர் எண். கோடை விடுமுறைப் பயணம் 1950களின் நடுவிலிருந்து மற்ற மாதங்களைவிட வேகமாகக் கூடியிருக்கிறது, பருவமே மாறியிருக்கிறது. 1960 ஜூலையின் 622ஐ 122.7ஆல் சரிசெய்தால் 507 என்று வரும். அண்மை வருடங்களின் அளவான 127ஆல் செய்தால் 490. முதல் எண்ணை நம்பியவர் இல்லாத வளர்ச்சிக்காகக் கூடுதல் இருக்கைகளை வாங்கியிருப்பார். ஒரு மாதத்தின் விகிதங்கள் ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருந்தால், பழைய வருடங்களை விட்டுவிட்டுக் கடைசி நான்கைந்து வருடங்களை மட்டும் வைத்துச் சராசரி எடுப்பது நல்லது.

இரண்டாவது சிக்கல் நகரும் பண்டிகை. 1959இல் மார்ச் 406, ஏப்ரல் 396. 1960இல் மார்ச் 419, ஏப்ரல் 461. ஈஸ்டர் முதல் வருடத்தில் மார்ச் 29, அடுத்த வருடத்தில் ஏப்ரல் 17. பயணிகள் பண்டிகையோடு மாதம் தாண்டிப் போனார்கள். குறியீட்டெண்ணோ மாதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது.

தமிழ்நாட்டு ஜவுளிக் கடைக்காரருக்கு இது தீபாவளிக் கணக்கு. பொங்கலும் ஆடித் தள்ளுபடியும் சூரிய மாதத்தைச் சேர்ந்தவை. ஆங்கில நாட்காட்டியில் ஏறக்குறைய அதே நாட்களில் வருவதால் ஜனவரிக்கும் ஜூலைக்கும் எடுத்த குறியீட்டெண் நிற்கும். திதியைப் பார்த்து வரும் தீபாவளி அப்படியல்ல: 2022இல் அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12. முதல் வருடத்தில் பண்டிகைக் கூட்டம் முழுக்க அக்டோபரில் முடிந்துவிடும். இரண்டாவதில் நவம்பருக்கும் வழியும். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் அக்டோபர் எண்ணும் தப்பு, நவம்பர் எண்ணும் தப்பு. அக்டோபர், நவம்பர் இரண்டையும் ஒரே இரு மாதமாகச் சேர்த்து ஒரு குறியீட்டெண் எடுப்பது எளிய வழி. நாள்வாரிக் கணக்கு இருந்தால் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் என்று தனியே பிரித்து வைப்பது அதைவிடத் துல்லியம்.

கடைசியாக, ஓரங்கள். ஜூலைக்குப் போக்கு கண்டுபிடிக்க மறு ஜனவரி வரை எண்கள் வேண்டும் என்பதால், 144 மாதங்களில் முதல் ஆறும் கடைசி ஆறும் போக்கு இல்லாமலே நிற்கின்றன. அட்டவணையில் 1960 ஜூலை முதல் டிசம்பர் வரை வெற்றிடம். முதலாளிக்குத் தெரிய வேண்டியதோ அந்த மாதங்கள்தான். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் எக்ஸ்-11 முறை, முனைகளுக்கென்று ஒருபக்கச் சராசரிகளைப் பயன்படுத்தியது. பின்னால் வந்த எக்ஸ்-12, எக்ஸ்-13 முறைகள் அடுத்த மாதங்களை முன்கூட்டியே கணித்து ஒட்டிவைத்து அந்த இடத்தை நிரப்புகின்றன. உண்மை எண்கள் வந்ததும் திருத்தி எழுதுகின்றன. சிறு கடைக்கு அவ்வளவு தேவையில்லை. சென்ற மாத விற்பனையை அந்த மாதக் குறியீட்டெண்ணால் வகுத்து, அப்படி வகுத்த மூன்று மாதங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். மூன்றும் ஒரே பக்கம் போனால் போக்கு திரும்பியிருக்க வாய்ப்புண்டு. ஒன்று மட்டும் விலகினால் அடுத்த மாதக் கணக்கு வரும்வரை கொள்முதலை மாற்ற வேண்டியதில்லை.