யானைக் கதையும் வேண்டாம், நாவலும் வேண்டாம்

முதியோர் எழுத்தறிவு வகுப்பில் எழுத்துகளைக் கற்றுக்கொடுத்து முடித்த தன்னார்வலருக்கு அடுத்த சிக்கல், கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்பது. பெரும்பாலும் முதலில் கிடைப்பது ஒன்றாம் வகுப்புப் பாடநூல்தான். ஐம்பது வயதுப் பெண்மணி அதைப் படித்துவிடுவார். ஆனால் பேரன் வந்தால் மூடி வைத்துவிடுவார். வார இதழைக் கொடுத்தாலோ முதல் பத்தியிலேயே நின்றுவிடுவார்.

நூறு நாள் வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எழுத்துகள் தெரியும், கூட்டிப் படிக்கத்தான் திணறுகிறார். அவருக்கான முதல் புத்தகத்தைக் கடையில் தேட வேண்டாம். கருவாட்டுக் குழம்பு எப்படி வைப்பீர்கள் என்று கேட்டு, சொல்வதை ஆறேழு வரிகளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுங்கள். ‘புளிய ஊற வைக்கணும்’ என்று சொன்னால் அப்படியே எழுதலாம். தன் வாயிலிருந்து வந்த வரி என்பதால் அடுத்த சொல் என்னவென்று அவருக்குத் தெரியும். எழுத்தோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். சில நாள் கழித்து அதையே ‘புளியை ஊற வைக்க வேண்டும்’ என்று மாற்றி எழுதுங்கள். அச்சுத் தமிழுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

இதில் ஓர் ஆபத்து உண்டு. படிக்காமலே ஒப்பித்துவிடலாம். வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

அச்சான புத்தகத்தை எடுக்கும்போது, ஏறக்குறைய ஐம்பது சொற்கள் உள்ள ஒரு பக்கத்தைப் படம் மறைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று இடங்களில் தடுக்கினால் பரவாயில்லை. ஐந்துக்கு மேல் போனால் இப்போதைக்கு அந்தப் புத்தகம் வேண்டாம். தமிழில் சொல்லின் நீளத்தையும் பார்க்க வேண்டும். ‘எழுதிக்கொண்டிருந்தபோது’ ஒரே சொல்தான். புதிதாகப் படிப்பவருக்கோ அதுவே ஒரு வாக்கியம். அது வரியின் ஓரத்தில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தால் இன்னும் கஷ்டம். வெள்ளெழுத்தையும் மறக்கக் கூடாது. நாற்பதைத் தாண்டியவர் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தால், குறை எழுத்தறிவில் இல்லாமல் கண்ணில் இருக்கலாம்.

பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படிநிலை பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன. அவை சிறுவர்களுக்கானவை. எனினும் சந்தை, மழை, தொழில் பற்றியவற்றைப் பொறுக்கி எடுத்துப் பெரிதாக அச்சிடலாம். பேசும் முயல்களை விட்டுவிடுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் புதிதாகப் படிக்கக் கற்ற பெரியவர்களுக்கென்றே சிறு நூல்கள் வெளியிட்டிருக்கிறது. தமிழில் கிடைத்தால் முதலில் அவற்றைப் பாருங்கள்.

வகுப்புக்கு உதவ நினைப்பவர்கள் பழைய புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்ப வேண்டாம். பொருத்தமான ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதிகள் வாங்கிக் கொடுங்கள். ஒன்று படிப்பவருக்கு, ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு.