வாட்ஸ்அப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கேம் ஏன் முதலிலிருந்து தொடங்குகிறது?

பிஜிஎம்ஐ லாபியில் நண்பர்களுக்காகக் காத்திருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. பதில் எழுதிவிட்டு, கேமராவைத் திறந்து ஒரு படமும் எடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினால் லாபியைக் காணோம். லோகோ, லோடிங், லாகின் என்று எல்லாம் மறுபடி முதலிலிருந்து வருகின்றன. நெட் சரியில்லை, கேமில் கோளாறு என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும், நீங்கள் அந்தப் பக்கம் போன நேரத்தில் ஆண்ட்ராய்டே கேமை மூடியிருக்கும்.

ஆண்ட்ராய்டில் லோ மெமரி கில்லர் என்றொரு காவல் நிரல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. திறந்திருக்கும் ஒவ்வோர் ஆப்புக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. திரையில் இருக்கும் ஆப்புக்கு மிகக் குறைவு. பின்னணிக்குப் போனதும் அது ஏறும். ரேமில் இடம் தட்டுப்பட்டால், மதிப்பெண் அதிகமுள்ளதிலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரும். இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. கடைசியாக விட்டு வந்த ஆப்புக்கு மட்டும் சிறு சலுகை உண்டு, ஏனென்றால் பயனர் உடனே திரும்பக்கூடும் என்று ஆண்ட்ராய்டு எதிர்பார்க்கிறது. கேமிலிருந்து வாட்ஸ்அப்புக்குப் போய் நேரே திரும்பினால் அந்தச் சலுகை கேமைக் காப்பாற்றலாம். வாட்ஸ்அப்பிலிருந்து தனியாக கேமரா ஆப்பைத் திறந்தால், சலுகை வாட்ஸ்அப்புக்கு மாறிவிடும். போதாததற்கு, கேமரா திறந்த கணமே நூற்றுக்கணக்கான எம்பி இடம் கேட்கும். கேம் போய்விடும்.

மூடுவதற்கு முன் ஆண்ட்ராய்டு இன்னொரு வழியையும் பார்க்கிறது. சும்மா கிடக்கும் ஆப்களின் தகவலைச் சுருக்கி, ரேமின் ஒரு மூலையிலேயே அடுக்கிவைக்கும். செய்தி ஆப், வங்கி ஆப் போன்றவற்றுக்கு இது நன்றாகவே பலிக்கும். பெரிய கேம்களின் கனமோ வேறிடத்தில் இருக்கிறது. சுவர், புல், உடை, துப்பாக்கி என்று திரையில் தெரியும் ஒவ்வொன்றின் மேற்பரப்புப் படமும் கிராபிக்ஸ் சிப்புக்கென ஒதுக்கிய இடத்தில் நிற்கிறது. அதை இப்படிச் சுருக்கிவைக்க முடியாது. அதனால் பின்னணிக்குப் போன பிறகும் கேம் பருமன் குறையாமல் கிடக்கும். அதை மூடினால்தான் நிறைய இடம் கிடைக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 6 ஜிபி ரேம் போனை எடுத்துக்கொள்ளுங்கள். சிப், மோடம், கேமரா ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஒதுக்கியது போக, ஆண்ட்ராய்டின் கையில் இருப்பது சுமார் ஐந்தரை ஜிபி. ஆண்ட்ராய்டும் கூகுள் சேவைகளும் போன் நிறுவனத்தின் சொந்த ஆப்களும் சேர்ந்து இரண்டரை ஜிபி அளவுக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் மூன்று ஜிபி. நடுத்தர கிராபிக்ஸில் பிஜிஎம்ஐ ஒன்றரை முதல் இரண்டு ஜிபி வரை கேட்கும் என்று வைத்துக்கொண்டால், வாட்ஸ்அப்போடு சேர்த்து எப்படியோ சமாளிக்கலாம். கேமராவோ குரோமோ திறந்தால் முடிந்தது. கென்ஷின் இம்பேக்ட் போன்ற திறந்த உலக கேமுக்கு அந்த மூன்று ஜிபியே போதாது. ஆடலாம், ஆனால் வெளியே போய்த் திரும்ப முடியாது. 8 ஜிபியில் மிச்சம் நான்கரை ஜிபி வரை வரும். பிஜிஎம்ஐக்குத் தாராளம், கென்ஷினுக்கு இழுபறி. 12 ஜிபியில் இரண்டுமே நிம்மதியாகப் பின்னணியில் நிற்கும். இவை தோராயக் கணக்குகள். கிராபிக்ஸ் அளவைக் கூட்டினால் கேமின் பங்கும் கூடும்.

குறைந்தபட்சத் தேவை என்று கேம் நிறுவனம் போடும் எண்ணை நம்பி போன் வாங்காதீர்கள். கென்ஷின் 2020 செப்டம்பரில் வெளியானபோது ஆண்ட்ராய்டுக்குக் குறைந்தது 3 ஜிபி ரேம் என்றுதான் சொன்னார்கள். அது கேம் திறப்பதற்கான எண். பின்னணியில் உயிரோடு நிற்பதற்கான எண் அல்ல.

கடையில் 8+8 ஜிபி, மொத்தம் 16 என்று சொன்னால், இரண்டாவது எட்டை மறந்துவிடுங்கள். அது ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கும் இடம். ஸ்டோரேஜின் வேகம் ரேமின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. சும்மா கிடக்கும் சின்ன ஆப்களை அங்கே தள்ளிவைக்கலாம் என்பதால் கொஞ்சம் பயன் உண்டு. ஆனால் மேலே சொன்ன கிராபிக்ஸ் தகவலை அங்கே தள்ள முடியாது. கேம் ஆடுபவருக்கு 8+8 என்பது 8தான்.

ஸ்டோரேஜ் கேமை உயிரோடு வைக்காது. செத்த கேம் எவ்வளவு சீக்கிரம் எழும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. மலிவு போன்களில் உள்ள இஎம்எம்சி வகை நொடிக்கு 300 எம்பி அளவுக்குத்தான் படிக்கும். யுஎஃப்எஸ் 2.2 ஆயிரம் எம்பியை ஒட்டியும், யுஎஃப்எஸ் 3.1 இரண்டாயிரத்தை ஒட்டியும் படிக்கும். விவரப் பட்டியலில் இந்தப் பெயரைத் தேடுங்கள். போட்டிருக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அளவும் முக்கியம்தான். 128 ஜிபி போனில் ஆண்ட்ராய்டின் பங்கு போக நூறு ஜிபி அளவுக்குத்தான் கிடைக்கும். கென்ஷின் ஒன்றே 20 ஜிபியைத் தாண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வேறு. அப்டேட் நடக்கும்போது பழைய கோப்பும் புதிய கோப்பும் கொஞ்ச நேரம் சேர்ந்தே இருக்கும் என்பதால், அப்டேட்டின் அளவைவிடக் கூடுதலாகக் காலியிடம் வேண்டும். இடம் அறவே தீர்ந்தால் ஆண்ட்ராய்டு ஆப்களின் கேஷ் கோப்புகளைத் தானாக அழிக்கத் தொடங்கும். கேம் அங்கே எதையாவது வைத்திருந்தால் மறுபடி டவுன்லோடுதான். எப்போதும் 15, 20 ஜிபி காலியாக வைத்திருங்கள். மெமரி கார்டை நம்ப வேண்டாம், அது படங்களுக்கும் வீடியோவுக்கும் மட்டும் போதும்.

உங்கள் போனில் கேமை மூடியது ரேம் தட்டுப்பாடுதானா என்று பார்க்க வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய போனில் Developer options திறந்து USB debugging வைத்து, கணினியில் இணைத்து இப்படிக் கேளுங்கள்:

```
adb shell dumpsys activity exit-info com.pubg.imobile
```

கேம் கடைசியாக ஏன் மூடப்பட்டது என்று நேரத்தோடு வரும். reason=3 என்றிருந்தால் ரேம் போதவில்லை. reason=4 அல்லது 5 என்றால் கேமே உடைந்து விழுந்திருக்கிறது; அதற்கு ரேம் கூட்டிப் பயனில்லை. reason=2 என்று வந்தால் வெளியிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று மட்டும் பொருள். சில போன்களில் ரேம் தட்டுப்பாடும் இப்படித்தான் பதிவாகும்.

12 ஜிபி போனிலும் கேம் மூடிக்கொண்டே இருந்தால், பேட்டரி மிச்சம் பிடிக்கும் அமைப்பைச் சந்தேகியுங்கள். செட்டிங்ஸில் அந்த கேமின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை நீக்குங்கள். அண்மையில் திறந்த ஆப்கள் வரிசையில் பூட்டுக் குறி இருந்தால் அதையும் போடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பும்போது சர்வரே உங்களை வெளியேற்றியிருந்தால் மட்டும் போனால் எதுவும் செய்ய முடியாது.

பிஜிஎம்ஐ அளவுக்கு 8 ஜிபி ரேமும் 128 ஜிபி ஸ்டோரேஜும் போதும். கென்ஷின் போன்றவற்றை ஆடுபவர் 12 ஜிபி, 256 ஜிபி என்று வாங்குங்கள். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தை நல்ல சிப்புக்கும், சூடு தாங்கும் அமைப்புக்கும் கொடுப்பதே மேல்.