பாட்டி ஏன் கெட்ட வார்த்தை பேசுகிறார்?

"எங்க வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை டாக்டர். அம்மா எங்கே கத்துக்கிட்டாங்க?" டிமென்ஷியா எனும் மறதிநோய் வந்தவரின் பிள்ளைகள் கூச்சத்தோடு கேட்கும் கேள்வி இது. புதிதாகக் கற்றது எதுவுமில்லை. குழாயடியிலும் பேருந்திலும் காதில் விழுந்த வசவுகள் நம் எல்லோருக்குள்ளும் கிடக்கின்றன. வெளியே விடாமல் வைத்திருக்கிறோம்.

அந்த அடக்கத்தைத் தருவது நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளையின் முன்பகுதி. ஃப்ரான்டோடெம்போரல் வகை மறதிநோயில் அது தொடக்கத்திலேயே பழுதாவதால், மறதி தெரிவதற்கு முன்பே வசவு வந்துவிடலாம். அல்சைமரில் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு வரும். யோசித்து வாக்கியம் அமைக்கும் திறன் போன பிறகும், ஆத்திரத்தில் தானாக வரும் சொற்கள் மிஞ்சுகின்றன. பேச்சிழந்த நோயாளிகள்கூட வசவை மட்டும் தெளிவாகச் சொல்வதை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் பதிவு செய்தார். பேரன் பெயர் வராத பாட்டி கந்த சஷ்டி கவசத்தைத் தடங்கலின்றிச் சொல்வதும் இப்படித்தான்.

ஆகவே, 'வலிக்கிறது', 'வெட்கமாக இருக்கிறது' என்று சொல்ல வராதபோது வசவு வருகிறது. குளியல் நேரத்தில் இது அதிகம். மருமகள் ரவிக்கையைக் கழற்றும்போதெல்லாம் மாமியார் திட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எப்போது, எதற்கு முன்னால் திட்டுகிறார் என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்தால், கையைத் தூக்கும் நொடியில்தான் என்று தெரியலாம். அப்படியானால் தோள்மூட்டைக் காட்ட வேண்டும். முன்பக்கம் கொக்கி வைத்த தளர்ந்த சட்டை, வெதுவெதுப்பான நீர், உடம்பை மூட ஒரு துண்டு, 'இப்போ தண்ணி ஊத்தறேன் அத்தை' என்ற முன்னறிவிப்பு ஆகியவை பாதிச் சண்டையைத் தவிர்க்கும். மீறித் திட்டினால் 'இப்படிப் பேசலாமா?' என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லும் மூளையைத்தான் நோய் எடுத்துக்கொண்டது. பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி போங்கள். சிரிக்கவும் வேண்டாம், குழந்தைகள் வீடியோ எடுக்கவும் வேண்டாம்.

வேறொரு விதம் இருக்கிறது. நேற்றுவரை சாதுவாக இருந்தவர் ஒரே நாளில் மாறி, சற்றுத் தெளிவதும் மறுபடி குழம்புவதுமாக, பகலெல்லாம் தூங்கி வழிந்தால், அதை மறதிநோயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. மருத்துவர்கள் இதை டெலிரியம் என்பார்கள். சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுதல், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். முதியவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் காட்டாமல் போகலாம்.

அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தற்போது தரும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அடக்குவதற்காக வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். குழப்பத்தை அது கூட்டும். விழுந்து இடுப்பெலும்பு முறியவும் காரணமாகலாம்.